‘சாயம் போகுது’ என்று 38 பேர் எழுதினால்: ரிவ்யூ படித்துக் கடை போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன சித்திரையில் மதினி ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தார். சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. ஏற்கெனவே விற்பவர்களின் சேலைக்கு வந்திருந்த ரிவ்யூக்களை மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு குறைக்கும் கோடு போட்டு எண்ணியிருந்தார். சாயம் 38, லேட் 31, போட்டோ மாதிரி இல்லை 26, ஒரிஜினல் இல்லை 19, நீளம் 17. மொத்தம் 250 ரிவ்யூ.

“பாருங்க தம்பி, 38 பேரு சாயத்தைத் திட்டியிருக்காங்க. சாயம் போகாத சேலையா வித்தா போதும்ல?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்த பிறகுதான், எண்ணியதிலேயே கோளாறு என்று புரிந்தது.

முதலில் ‘லேட் 31’-ஐ அடித்தோம். சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது தளத்தின் கூரியர். மதினி விற்றாலும் அதே ஆள்தான் அதே பையில் கொண்டுபோவார். உங்கள் கைக்கு வராத குறையை எத்தனை பேர் சொன்னாலும் அது உங்களுக்கான இடம் இல்லை. கவர் கிழிந்தது, ரீஃபண்ட் வரவில்லை என்பதெல்லாம் இதே வகைதான்.

அடுத்தது சாயம். மதினி செய்த பெரிய தவறு இங்கேதான். 38 என்று எண்ணினார், எத்தனையில் 38 என்று பார்க்கவில்லை, என்ன விலைச் சேலையில் என்றும் பிரிக்கவில்லை. நோட்டில் புதுப் பக்கம் எடுத்து மூன்று கட்டம் போட்டோம். 400 ரூபாய்க்குக் கீழே உள்ள சேலைகளில் அவர் படித்தது 150 ரிவ்யூ. சாயத்தைத் திட்டியவை 29. 700 முதல் 900 ரூபாய் வரை உள்ளவற்றில் 60 படித்திருந்தார், 8 பேர் திட்டியிருந்தார்கள். 1,500-க்கு மேலே 40 படித்ததில் ஒன்றே ஒன்று.

இப்படிப் பிரித்ததும் 38 என்ற எண்ணின் மிரட்டல் போய்விட்டது. மேல் விலையில் சாயப் பிரச்சினையை யாரோ ஏற்கெனவே தீர்த்துவிட்டார்கள். கீழ் விலையில் திட்டுபவர்களோ 350 ரூபாய்க்கு வாங்கியவர்கள். அவர்களில் பாதிப் பேர் திட்டிவிட்டு, ‘விலைக்கு ஓகே’ என்று நாலு ஸ்டாரும் போட்டிருந்தார்கள். சாயம் நிற்கிற சேலையை 800-க்குக் காட்டினால் அவர்கள் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் தேடி வந்ததே 350 ரூபாய்ச் சேலையை. குறை சொல்கிறவர் எல்லாரும் அதைத் தீர்க்கக் காசு கொடுப்பார் என்று எடுத்துக்கொள்வதில்தான் நிறையப் பேருடைய முதல் சரக்கு தேங்கிப்போகிறது. இருக்கிற வாய்ப்பு நடுக் கட்டத்தில். கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கியும் 60-ல் 8 பேருக்கு ஏமாற்றம்.

‘ஒரிஜினல் இல்லை’ என்ற 19-ம் இதே மாதிரி ஒரு பொறி. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைப்பதுதான் மரபான முறை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, பல நாள் வேலை. முடிச்சுப் போட்டதைக் கையால் தடவினால் புள்ளி இருக்கிற இடம் லேசாகச் சுருங்கிப் புடைத்திருக்கும், ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. அச்சுப் போட்டது வழவழவென்று ஒரே அளவில் இருக்கும். 350 ரூபாய்க்கு முடிச்சுச் சேலை எவராலும் தர முடியாது. ஆகவே அந்த 19 பேர் கேட்டது மலிவான முடிச்சுச் சேலை இல்லை, ‘இது பிரிண்ட்’ என்று முன்னாலேயே சொல்கிற ஒரு வரி. அதை எழுதக் காசு வேண்டாம். அதை மட்டும் வைத்து ஒரு தொழிலும் நடத்த முடியாது.

இனி நீளம். நோட்டில் கடைசியில் கிடந்தது, வெறும் 17. மதினி அதை ஏறக்குறைய விட்டேவிட்டார். விட்டதற்கு இரண்டு காரணம், இரண்டுமே எல்லாரும் செய்கிற தவறு.

ஒன்று, அவர் ஒரு ஸ்டார் ரிவ்யூக்களையே அதிகம் படித்திருந்தார். ஒரு ஸ்டார் போடுகிறவர் கோபத்தில் இருப்பார். வேறு கலர் வந்தது, ஓட்டை இருந்தது, காசு போச்சு என்று கொட்டுவார். அவர் இனி இந்தப் பொருள் பக்கமே வர மாட்டார். மூன்று ஸ்டார் ஆள் வேறு மாதிரி. அவருக்குப் பொருள் பிடித்திருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த ஒன்று எப்போதும் ‘ஆனா’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும். ‘சேலை நல்லா இருக்கு, அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு, ஆனா கொசுவம் நாலுதான் வருது.’ இப்படித்தான் இருந்தன அந்த வரிகள். இதை எழுதியவர் அந்த ‘ஆனா’ இல்லாத சேலை கிடைத்தால் நாளைக்கே வாங்குவார்.

இரண்டாவது காரணம் மொழி. மதினி ரிவ்யூக்களுக்குள் தேடும்போது `colour`, `bleed`, `length` என்று ஆங்கிலச் சொல்லைத்தான் போட்டிருந்தார். நம் ஊர்க்காரர்கள் அப்படியா எழுதுகிறார்கள்? தமிழை ஆங்கில எழுத்தில், அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். சாயம் என்பது `saayam`, `sayam`, `chayam` என்று மூன்று விதமாகக் கிடந்தது. நீளத்துக்கு `length` என்று எழுதியவர்களைவிட `kosuvam`, `mundhi`, `pathala` என்று எழுதியவர்கள் அதிகம். மறுபடி தேடியதில் 17 என்பது 41 ஆனது, அதில் பெரும்பகுதி மூன்று, நான்கு ஸ்டாரில். சாயத்துக்கும் இதே சொற்களைப் போட்டுப் பார்த்தோம். இரண்டோ மூன்றோ கூடியது, அவ்வளவுதான்.

வரிசையையும் மாற்றிப் படிக்க வேண்டும், இது சின்ன விஷயம்தான். முதலில் தெரிவது தளம் தேர்ந்தெடுத்த ரிவ்யூ. கூகுள் மேப்பில் `Newest` என்று மாற்றினால்தான் இந்த ஆறு மாத நிலவரம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தைய குறையைக் கடைக்காரர் எப்போதோ சரிசெய்திருக்கலாம். வாங்கியவர்கள் போடும் படங்களையும் விடாதீர்கள். ஒரு அம்மா சேலைமேல் டேப்பை வைத்தே படம் எடுத்துப் போட்டிருந்தார்.

அந்தப் படம்தான் அடுத்த தவறிலிருந்து எங்களைக் காப்பாற்றியது. ரிவ்யூ என்பது நோயாளி சொல்கிற வலி மாதிரி, வலி எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ‘நீளம் பத்தல’ என்பதற்கு விற்பவர் வெட்டும்போதே குறைத்திருக்கலாம், அல்லது துவைத்ததும் சுருங்கியிருக்கலாம். காரணம் தெரியாமல் சரக்கு எடுத்தால் நீங்களும் அதே குறையைத்தான் விற்பீர்கள். எனவே நடு விலையில் மூன்று பேரிடம் மூன்று சேலை வாங்கினோம். 2,400 ரூபாய் ஆனது. இந்தச் செலவுக்கு யோசித்து வெறும் ரிவ்யூவை நம்பிச் சரக்கு எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிறகு அவர்கள் இழப்பது இதைவிடப் பல மடங்கு.

விவரத்தில் போட்டிருந்தது பிளவுஸோடு 6.25 மீட்டர். அளந்தால் மூன்றுமே சரியாக இருந்தன, யாரும் ஏமாற்றவில்லை. பிளவுஸுக்கு 80 செ.மீ. வெட்டினால் மிச்சம் 5.45. வெள்ளை வாளியில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, மாடியில் நிழலில் காயப்போட்டு மறுபடி அளந்தோம். 5.29. பருத்தி சுருங்கத்தான் செய்யும், நூற்றுக்கு மூன்று பங்கு போயிருந்தது. 16 செ.மீ. என்று சொன்னால் பெரிதாகத் தெரியாது. மதினி கட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “ஒரு கொசுவத்துக்குப் பத்து அங்குலத் துணி வேணும் தம்பி. ஆறு அங்குலம் போனா அரைக் கொசுவத்துக்கு மேலயே போச்சு. கொஞ்சம் உடம்பா இருக்கவுகளுக்கு முந்தியைத்தான் குறைக்கணும்.”

அந்த 41 பேர் சொன்னதும் இதுவேதான். எல்லா விற்பனையாளரும் ஒரே அளவில் வெட்டுவதால் எல்லாருக்கும் ஒரே திட்டு.

சாயத்துக்கும் அன்றைக்கே சோதனை போட்டோம். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்தோம். மாம்பழ மஞ்சளில் ஒன்றும் ஒட்டவில்லை, அரக்கில் இளஞ்சிவப்பாக ஒட்டியது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சாயக்காரரிடம் கேட்டோம். சாயம் போட்ட பிறகு சோப்பு கலந்த வெந்நீரில் நன்றாக அலசி, நூலில் பிடிக்காமல் மேலே நிற்கும் மிச்சச் சாயத்தை எடுக்க வேண்டுமாம். அவசரத்தில் அந்த அலசல் குறைந்தால் அடர் நிறங்கள் வீட்டு வாளியில் போகும். ஆக, சாயக் குறை சாயக்காரர் கையில் இருக்கிறது, மதினி கேட்டு வாங்கலாம், கண்காணிப்பது கஷ்டம். நீளம் அப்படியில்லை. வெள்ளைத் துணியை வெட்டும்போதே தீர்மானிக்கிற விஷயம் அது. 30 செ.மீ. கூட வெட்டச் சொன்னால் அந்தத் துணிக்கான காசு மட்டும்தான் கூடும்.

நோட்டின் கடைசி வரியில் கிடந்த குறை இப்படித்தான் முதல் இடத்துக்கு வந்தது. வாங்குமுன் கேட்கிறவர்களின் கேள்விகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். ‘உயரமா இருக்கவங்களுக்குப் பத்துமா?’ என்ற கேள்வி பதில் இல்லாமல் பல இடங்களில் நின்றது. குறை சொல்கிறவர் வாங்கிவிட்டவர். கேள்வி கேட்டுவிட்டு வாங்காமல் போனவர் ரிவ்யூ எழுத மாட்டார், அவரைக் கணக்கில் எடுக்க இந்த ஒரு இடம்தான் உண்டு.

முதல் சரக்கு 20 சேலை. பத்து நீளமாக வெட்டியது. மீதிப் பத்தில் மதினி ஒரு பரிசோதனை செய்தார். அடர் நிறங்களை ஒருமுறை அலசி, கஞ்சி போட்டுத் தேய்த்து அனுப்பினார், சாயம் போகாது என்று. அதற்கு வந்த இரண்டாவது ரிவ்யூவே, ‘யாரோ கட்டின சேலையை அனுப்பியிருக்காங்க’. அத்தோடு அலசுவதை நிறுத்தினார். நீளச் சேலைகளுக்கு இப்போது முதல் படமே டேப் வைத்து எடுத்ததுதான், துவைத்த பின் எத்தனை மீட்டர் என்ற வரியோடு.

நோட்டு இன்னும் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது அவருடைய சொந்தக் கடைக்கென்று ஒரு பக்கம் திறந்திருந்தார். அதில் மூன்று ஸ்டார் வரிசையில், ‘எனக்கு முந்தி ரொம்ப நீளம்’ என்று ஒரு கோடு விழுந்திருந்தது.