பிரஷ் பேனாவில் தமிழ்: கோடு ஏன் ஒரே தடிமனில் வருவதில்லை?

பிரஷ் பேனா வாங்கியதும் பலரும் எடுப்பது ஆங்கில எழுத்துக்கான பயிற்சித்தாளைத்தான். அதன் முதல் பாடம், முனையை அழுத்தி இறங்கும் கோடு தடிமனாக, அழுத்தாமல் ஏறும் கோடு மெல்லிசாக என்பது. ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு அது சரி. அதே பழக்கத்தில் 'ப' எழுதிப் பாருங்கள். இடது கால் கொழுத்துவிடும், கீழிருந்து ஏறும் வலது கால் நூலாக மெலிந்துவிடும், எழுத்தே ஒரு பக்கம் கனத்து நிற்கும். 'ம', 'ய' இரண்டுக்கும் இதே கதிதான். தடிமன் மாறுகிற தமிழ் எழுத்தும் அழகுதான், ஆனால் அது வேறு பாணி. சீரான கோடு வேண்டுமென்றால் இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

முனையை முழுக்க அழுத்தாமல் பாதி அழுத்தத்தில் வைத்து 'ப'வைத் தொடங்குங்கள். முழு அழுத்தத்தில் இறங்குவது சுலபம். அதே அழுத்தத்தோடு ஏறும்போது முனை தாளில் முட்டி நடுங்கும். பாதி அழுத்தத்தை இரண்டு திசையிலும் காப்பாற்றலாம். அப்படியும் வராவிட்டால் வலது காலை மேலிருந்து தனியாக இழுத்து அடிக்கோட்டில் சேர்த்துவிடுங்கள். சாதாரணக் கையெழுத்தில் இப்படி எழுத மாட்டோம், லெட்டரிங்கில் இது தவறே இல்லை.

அடுத்த தவறு, வளைவை விரலால் திருப்புவது. விரல் மடங்கும்போது பேனாவின் சாய்வு மாறும். பேனா நிமிர்ந்த இடத்தில் கோடு மெலியும், படுத்த இடத்தில் பருக்கும். மூணு சுழி 'ண'வில் இது பளிச்சென்று தெரியும்: ஒவ்வொரு சுழியும் திரும்பும் இடத்தில் ஒரு முனையோ தட்டையோ விழும். பேனாவை 45 டிகிரி அளவில் சாய்த்து, விரலை அசைக்காமல் முன்கையை நகர்த்துங்கள். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காதீர்கள். அங்கே தயங்கினால் மை ஊறிக் குமிழாகிவிடும். சுழியின் நடுவில் பேனாவைத் தூக்குவதும் வேண்டாம். தூக்கியே ஆக வேண்டுமென்றால், ஒரு சுழி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தூக்குங்கள், ஒட்டு தெரியாது.

சுழி அடைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கை அல்ல, அளவு. 2 மி.மீ. கோட்டில் 'ண' எழுதினால், சுழிக்குள் இருக்கும் வெள்ளையும் குறைந்தது 2 மி.மீ. இருக்கட்டும். அதற்கு இடம் போதவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சின்ன, கெட்டி முனைப் பேனாவுக்கு மாறுங்கள்.

அப்புறம், தாள். சொரசொரப்பான தாளில் முனை சீக்கிரம் பிசிறிவிடும். பிசிறிய முனையில் எந்தக் கைக்கும் சீரான கோடு வராது.

எழுதி முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எழுத்தாகத் தெரியாமல் வெறும் வடிவமாகத் தெரியும்போது, தட்டையான வளைவும் மெலிந்த காலும் உடனே கண்ணில் படும். அந்த இடங்களில் பென்சிலால் குறி போட்டுவிட்டு, முழு எழுத்தையும் விட்டு அந்த வளைவை மட்டும் திரும்ப எழுதுங்கள்.