அலுவலகத்தில் கான்பான் பலகை: வைத்த பிறகும் வேலை குவிவது ஏன்?

நான்கு பேர் இருக்கும் ஒரு கல்லூரி அலுவலகத்தில், வேலைகளை அட்டைகளில் எழுதிக் கட்டம் கட்டமாக நகர்த்தும் கான்பான் பலகை வைக்க உதவினேன். சான்றிதழ், கொள்முதல், பயணப்படி பில், தபால் எல்லாம் அந்த நால்வர் கையில்தான். முதல் மாதம் நாங்கள் செய்த தவறுகளையே பிறகு வேறு அலுவலகங்களிலும் பார்த்தேன். அவற்றில் முக்கியமான சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் தவறு, விளக்கிச் சொல்வதிலேயே நடந்தது. ‘வேலையை அட்டையில் எழுதுங்கள், சுவரில் ஒட்டுங்கள், முடிந்தால் நகர்த்துங்கள்’ என்று சொல்லி நிறுத்திவிட்டோம். கான்பான் டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த முறை. அங்கே அட்டை என்பது ஓர் அனுமதிச் சீட்டு. அடுத்த நிலையில் இருப்பவர் பாகத்தை எடுத்துப் பயன்படுத்தியதும் அட்டை பின்னால் திரும்பி வரும். அது வந்தால்தான் அடுத்த பாகத்தைச் செய்யலாம். இந்த முறையை வளர்த்த டாய்ச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளிலிருந்து இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார்: அலமாரியில் எடுத்த அளவுக்குத்தான் திரும்ப அடுக்குவார்கள். நம் அலுவலகப் பலகையிலோ அட்டை என்பது வேலை. அது அனுமதி ஆகாது. புது வேலையை எடுக்க அனுமதி தருவது, பலகையின் கட்டத்தில் இருக்கும் காலி இடம். இதைச் சொல்லாமல் விட்டால் பலகை வெறும் நிலுவைப் பட்டியலாகிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது.

இரண்டாவது தவறு: ‘செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது’ என்று மூன்றே கட்டம் போட்டது. ஒரே வாரத்தில் ‘நடக்கிறது’ கட்டத்தில் முப்பது அட்டை சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று, ஆய்வகத்து யூபிஎஸ் பேட்டரி கொள்முதல். அட்டையின் ஓரத்தில் நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். பத்தொன்பது புள்ளி விழுந்த பிறகு, அந்த அட்டையை வைத்திருந்த அக்காவிடம் ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டோம். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க ஒரு காலை, நோட் போட அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் மூன்றாவது விலைப்புள்ளிக்காகவும், முதல்வரின் கையெழுத்துக்காகவும் காத்திருந்த நாள்கள். ‘நடக்கிறது’ என்று எழுதியிருந்த இடத்தில் பெரும்பாலும் எதுவும் நடக்கவில்லை.

அதனால் கட்டங்களை யோசித்துப் பெயரிட வேண்டாம். உண்மையான ஒரு ஃபைலின் பின்னாலேயே நடந்து பாருங்கள். அது எந்தெந்த மேசையில் நிற்கிறதோ, அவைதான் கட்டங்கள். எங்களுக்கு இப்படி வந்தது: வந்தவை, தயாரிப்பு, சரிபார்ப்பு, கையெழுத்துக்கு, வெளிப் பதிலுக்கு, முடிந்தது. ‘வெளிப் பதிலுக்கு’ என்பது ஃபைலின் பாதையில் ஒரு படி அல்ல. எந்த நிலையில் வெளியாரிடம் சிக்கினாலும் அட்டை அங்கே போகும், பதில் வந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும்.

மூன்றாவது தவறுதான் பெரியது. ஒரு கட்டத்தில் எத்தனை அட்டை வரை இருக்கலாம் என்ற வரம்பை எழுதிவைத்துவிட்டு அதை மீறுவது. கட்டத்தின் தலையில் ‘5’ என்று எழுதியிருக்கும், கீழே எட்டு அட்டை தொங்கும். கேட்டால், ‘மேடம் அவசரமாகக் கேட்டாங்க சார்’ என்று பதில் வரும். யாரும் சோம்பேறித்தனத்தால் மீறவில்லை. புது வேலையைத் தொடங்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று எல்லோருக்கும் மனதில் பட்டது, அவ்வளவுதான்.

அதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கையில் எடுத்த வேலை முப்பது. வாரத்துக்கு முடிவது பத்து. அப்படியானால் எடுத்த ஒரு வேலை முடிய சராசரியாக மூன்று வாரம். முடியும் வேகம் அதே பத்தாக இருந்து, கையில் பதினைந்துதான் என்றால் ஒன்றரை வாரம். இதற்கு லிட்டில் விதி என்று பெயர். சராசரிக்குத்தான் பொருந்தும், எடுப்பதும் முடிப்பதும் ஏறக்குறைய சமமாக ஓடினால்தான் பொருந்தும். தயாரிப்புக்கு 5, சரிபார்ப்புக்கு 3, கையெழுத்துக்கு 3, வெளிப் பதிலுக்கு 4 என்று அந்தப் பதினைந்தைப் பிரித்தோம். ஏற்கெனவே இருந்த முப்பது அந்த அளவுக்கு இறங்கும் வரை புதிதாக எதையும் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரம்பு வைத்ததால் மட்டும் வெளியே நிற்பவரின் மொத்தக் காத்திருப்பு குறைந்துவிடாது. வாரத்துக்குப் பன்னிரண்டு வந்து பத்துதான் முடிந்தால், மீதி ‘வந்தவை’ கட்டத்தில் வளரும். ஆனால் அது அங்கே எல்லோர் கண்ணுக்கும் படும்படி வளரும். எதை முதலில் எடுப்பது, எதை மறுப்பது என்று கண்காணிப்பாளர் அங்கேயே முடிவு செய்யலாம். நான்கு மேசை இழுப்பறைகளில் பாதி முடிந்த நிலையில் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாதியில் விட்ட ஃபைலை மறுபடி எடுக்கும்போது முதலிலிருந்து படிக்கும் நேரமும் மிச்சம்.

வரம்பு உண்மையில் வேலை செய்வதை ஒரு புதன்கிழமை பார்த்தேன். கையெழுத்துக் கட்டத்தில் மூன்றும் நிறைந்துவிட்டன. சரிபார்ப்பில் முடிந்தவை நகர இடமில்லை. தயாரிப்பும் நின்றது. பழக்கப்படி தம்பி ஒருவர் புது பயணப்படி பில்லைக் கையில் எடுத்தார். ‘இடம் இல்லையே, அப்புறம் எதுக்கு எடுக்கிறீங்க?’ என்று அந்த அக்காதான் கேட்டார். சரி என்று தம்பி எழுந்து, மூன்று ஃபைலையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். அங்கே போனபின்தான் தெரிந்தது: ஃபைல்கள் எப்போது வரும் என்று முதல்வருக்குத் தெரியாது, அவர் எப்போது அறையில் இருப்பார் என்று இவர்களுக்குத் தெரியாது. காலை 11, மாலை 4 என்று கையெழுத்துக்கு இரண்டு நேரம் வைத்தார்கள். எட்டு அட்டை தொங்கவிட்டிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

‘வெளிப் பதிலுக்கு’ கட்டத்துக்கு வரம்பு வைக்காமல் விடுவது இன்னொரு தவறு. பிடிக்காத வேலையெல்லாம் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே போகும் ஒவ்வொரு அட்டையிலும் யாரிடம் கேட்டிருக்கிறோம், மறுபடி என்று கேட்போம் என்ற இரண்டும் எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத அட்டை தயாரிப்புக்கே திரும்ப வேண்டும்.

அவசர வேலைக்குத் தனி வரிசை வைக்கலாம். ஆனால் அதில் ஒரே ஓர் இடம். இரண்டாவது அவசரம் வந்தால், எது உண்மையில் அவசரம் என்று கேட்டவர்களே பேசி முடிக்கட்டும்.

காலையில் பலகை முன் நிற்கும் பத்து நிமிடத்தில், ‘நீங்க என்ன செய்றீங்க?’ என்று ஆள் ஆளாகக் கேட்காதீர்கள். எல்லோரும் ஏதோ நிறைய செய்வதாகக் காட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். ‘முடிந்தது’ பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். புள்ளி அதிகம் உள்ள அட்டையில் நின்று, இது நகர என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

வரம்பு எண்களை முதலிலேயே சரியாகப் பிடிக்க முடியாது. இரண்டு வாரமாக ஒருமுறைகூட எந்தக் கட்டமும் நிறையவில்லை என்றால் எண் பெரியது; ஒன்று குறையுங்கள். யாராவது தினமும் செய்ய வேலையின்றி உட்கார்ந்து, அடுத்த கட்டத்துக்கு உதவவும் வழியில்லை என்றால் ஒன்று கூட்டுங்கள். மாணவர் சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் அலுவலகம் சரிபார்ப்பை 3இலிருந்து 4 ஆக்கியது. ஜூலை நடுவில் மறுபடி 3 ஆனது.