சரிவு நிலத்தின் பரப்பைக் கோணம் அளக்காமலே காண

ஒரு மூலையிலிருந்து புறப்படும் இரண்டு ஓரங்களையும் காவிகளாக எழுதிக் குறுக்குப் பெருக்கம் செய்யுங்கள். விடையின் நீளம்தான் அந்த ஓரங்கள் இரண்டும் அமைக்கும் இணைகரத்தின் பரப்பு, விடையின் திசை நிலத்துக்குச் செங்குத்து.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைச் சரிவில் ஒரு துண்டு என்று வைப்போம். கிழக்கு, வடக்கு, மேல் என்ற வரிசையில், மீற்றரில்:

```
a = (20, 0, 0)
b = (5, 12, 9)
a × b = (0, -180, 240)
```

நீளம் 300, ஆகவே சரிவின் மேற்பரப்பு 300 சதுர மீற்றர். கடைசி எண்ணைக் கவனியுங்கள். 240 என்பது மேலிருந்து பார்க்கும் கிடைப் பரப்பு. சரிவை மூட விரிப்பு வாங்குகிறவர் 300ஐ எடுக்க வேண்டும். 240/300 = 0.8 என்பது சாய்வுக் கோணத்தின் கோசைன் என்பதால் சாய்வு ஏறத்தாழ 37 பாகை, அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

பெருக்கத்தின் நீளம் |a||b| sin θ, θ என்பது a, b இரண்டுக்கும் இடையிலான கோணம். இதில் |b| sin θ என்பது இணைகரத்தின் உயரம், அப்புறம் அடி தர உயரம்தானே பரப்பு. திசை சரியா என்று பார்க்க, விடையை b உடன் புள்ளிப் பெருக்கம் செய்யுங்கள்: -2160 + 2160 = 0. வரிசையை b × a என்று மாற்றினால் பரப்பு மாறாது, திசை மட்டும் நிலத்துக்குள் இறங்கும்.

நிலம் வளைந்திருந்தாலோ எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமாக இல்லாவிட்டாலோ இது பொருந்தாது.