ஊரில் குழந்தைக்குச் சளி பிடித்தால்: பாராசிட்டமால் இரண்டு பாட்டிலிலும் இருக்கலாம்

ஊருக்குப் போன இடத்தில் பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் வந்தால், வீட்டில் எப்படியும் இரண்டு பாட்டில்கள் சேர்ந்துவிடும். ஒன்று நீங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த காய்ச்சல் மருந்து. மற்றது யாரோ மருந்துக்கடையில் 'சளிக்கு' என்று கேட்டு வாங்கிவந்த சிரப். ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சளிக்குத்தானே என்று இரண்டையும் கொடுக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சளி சிரப்பிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்திருக்கும்.

கனடா, அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு இது கண்ணில் படாமல் போக ஒரு காரணம் உண்டு. அங்கே இதே மருந்தின் பெயர் அசிட்டமினோஃபென். லண்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பாராசிட்டமால். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் வாங்கும் பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பதை நம்பிவிடாதீர்கள். மருந்தின் மூலப்பெயரை பிராண்டு பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று இந்திய விதி சொல்கிறது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் கலந்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. சளி சிரப்புகளில் பல அந்த வகைதான். அதனால் பிராண்டு பெயர் பளிச்சென்று தெரியும், பாராசிட்டமால் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். ஒரே பிராண்டு பெயரில் 'பிளஸ்', 'ஃபோர்ட்' என்று வால் மாறினால் உள்ளே இருப்பதும் மாறும். போன முறை வாங்கியதுதானே என்று எடுத்துவிட முடியாது.

பாட்டிலைத் திருப்பி, 'ஒவ்வொரு 5 மி.லி.யிலும்' என்று தொடங்கும் ஆங்கில வரியைத் தேடுங்கள். பொதுவாக இப்படி இருக்கும்: பாராசிட்டமால் 125 மி.கி., ஃபினைலெஃப்ரின் 5 மி.கி., குளோர்ஃபெனிரமின் 1 மி.கி. பெயருக்குப் பின்னால் வரும் ஐ.பி. என்ற எழுத்துகள் தரநூலைக் குறிப்பவை, அளவோடு சம்பந்தமில்லை. சொட்டு மருந்தாக இருந்தால் அளவு 5 மி.லி.க்கு அல்ல, 1 மி.லி.க்குப் போட்டிருப்பார்கள். பலமடங்கு செறிவானது அது. சிரப்புக்கான கரண்டியில் ஊற்றவே கூடாது.

இனி கணக்கு. 5 வயது, 16 கிலோ எடையுள்ள பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை, அதாவது 240 மி.கி. நான்கு வேளைக்கு மேல் போகாமல் இருந்தால் ஒரு நாளுக்கு 960 மி.கி. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிரப்பில் 5 மி.லி.க்கு 160 மி.கி. இருக்கும். ஆக 7.5 மி.லி. கொடுத்தாலே ஒரு வேளை அளவு முடிந்தது. அதை நான்கு வேளை கொடுத்துவிட்டு, கூடவே சளி சிரப்பையும் 5 மி.லி. வீதம் நான்கு முறை கொடுத்தால் 500 மி.கி. கூடி 1460 ஆகிறது. கிலோவுக்கு 91 மி.கி. ஒரு நாளோடு நின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அதுவும் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால், கல்லீரலுக்கு ஆபத்து.

இன்னொரு பொறி, ஐபுபுரோஃபென். பாராசிட்டமாலுக்கு மாற்றாக இதைக் கொடுப்போம் என்று கேட்டால், இந்தியாவில் ஐபுபுரோஃபென் 100 மி.கி.யோடு பாராசிட்டமால் 162.5 மி.கி. சேர்ந்த சிரப் கையில் வரலாம். அதையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பாட்டிலை வைத்துக்கொள்வது? என்னைக் கேட்டால் சளிக் கலவையைத்தான் ஒதுக்குவேன். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் தனிப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அவ்வளவு போதும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் சொல்லிவிட்டது. டாக்டரே கலவை சிரப் எழுதினால், பெட்டியிலிருந்த பாட்டிலையும் அவரிடம் காட்டி எதை நிறுத்துவது என்று கேளுங்கள். அப்புறம், பாட்டி ஒரு வேளை, நீங்கள் ஒரு வேளை என்று கொடுக்கும் வீட்டில் பாட்டிலின் மேலேயே கொடுத்த நேரத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தால் இரண்டையும் நிறுத்திவிட்டு, 24 மணி நேரத்தில் போன மொத்த அளவைக் கூட்டிப் பாருங்கள். பிள்ளையின் நாளளவைத் தாண்டியிருந்தால், பாட்டில்களோடு மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் நஞ்சான முதல் நாளில் வாந்தி, சோர்வுக்கு மேல் எதுவும் தெரியாமல் போகலாம், சிலருக்கு அதுவும் இருக்காது. மாற்றுமருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ, ஒரே முறையில் நிறைய உள்ளே போயிருந்தால், 8 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும்.