வெள்ளைச் சீருடையில் ரத்தக்கறை: ஒரே இரவில் எடுத்த கதை, செய்முறையோடு

இரவு ஒன்பதரை இருக்கும். நர்சிங் விடுதியில் என் அறைத்தோழி குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு சீருடை இன்ஸ்பெக்‌ஷன். மாதவிடாய் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது, வெள்ளைச் சீருடையின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கறை. மாற்றுச் சீருடை தையல்காரரிடம் இருந்தது. கதவைத் தட்டி உள்ளே போனபோது அவள் கையில் ஒரு குவளை வெந்நீர், ஆவி பறந்தது.

"ஏய், ஊத்தாதடி!" என்று நான் சொல்வதற்குள் கொஞ்சம் கொட்டிவிட்டாள். அன்றிரவு முழுக்க எங்களைப் படுத்தியது அந்தக் கொஞ்சம்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: குளிர்ந்த தண்ணீர் மட்டும்

ரத்தத்தில் புரதம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் அது கரைந்து வெளியே வந்துவிடும். சூடு பட்டாலோ, முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதைப் போல நூலிழைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். வெந்நீர், இஸ்திரி, சூடான டிரையர் மூன்றும் இதில் ஒன்றுதான். கறை முழுசாகப் போனது உறுதியாகும் வரை மூன்றையும் கிட்டே கொண்டுவரக் கூடாது.

மாதவிடாய் ரத்தம் உள்பக்கத்திலிருந்து ஊறுவதால், உடையைத் திருப்பாமல் வெளிப்பக்கத்தைக் குழாய்க்கு நேராகப் பிடியுங்கள். கறை எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாகத் தண்ணீர் அதை வெளியே தள்ள வேண்டும். உள்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் துணிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். நாங்கள் பதினைந்து நிமிடம் அப்படியே பிடித்திருந்தோம். முதலில் சிவப்பாக ஓடிய தண்ணீர் இளஞ்சிவப்பாகி, பிறகு தெளிந்தது. கறையில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. வெந்நீர் பட்ட இடம் மட்டும் ஒரு நாணய அளவுக்குப் பழுப்பாக நின்றது.

தேய்க்கத் துடிக்கும் கையைக் கொஞ்சம் அடக்குங்கள். இந்தக் கட்டத்தில் தேய்த்தால் கறை பக்கவாட்டில் பரவும்.

படி 2: சோப்பு

சாதாரண வெள்ளைத் துணிசோப்பு போதும். ஈரத் துணியில் தடவி, கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். தையல் மடிப்பைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். அங்கே துணி இரண்டு மூன்று அடுக்காக இருப்பதால் ரத்தம் ஒளிந்துகொள்ளும். வெளியே சுத்தமாகத் தெரிந்த உடையில், காய்ந்த பிறகு தையல் ஓரமாக மெல்லிய பழுப்புக் கோடு வருவது இதனால்தான்.

படி 3: ஹைட்ரஜன் பெராக்சைடு

முதலுதவிப் பெட்டியில் இருக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் சொல்கிறேன். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால்தான் அது பழுப்பு நிறப் பாட்டிலில் வருகிறது. எங்களிடம் இருந்தது எப்போதோ திறந்த பாட்டில். இன்னும் வேலை செய்யுமா என்று அறிய, வெந்நீர் படாத கறை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டோம். சின்னச் சின்ன வெள்ளைக் குமிழிகளாக நுரைத்து எழுந்தது. ரத்தத்திலுள்ள ஒரு நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுவதால் வரும் நுரை அது. பெராக்சைடு அதோடு கறையின் நிறத்தையும் வெளுக்கும்.

கறை நனையும் அளவுக்கு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். நிறம் மிச்சமிருந்தால் மறுபடியும். நுரை வராததை வைத்து கறை போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சூடு பட்டால் அந்த நொதியும் கெட்டுப்போகும், அதனால் வெந்த கறை அவ்வளவாக நுரைக்காது. எங்கள் பழுப்பு வட்டம் அப்படித்தான் அமைதியாக இருந்தது.

இரண்டு எச்சரிக்கை. உடையில் நீலப் பட்டையோ நிறமுள்ள பேட்ஜோ இருந்தால் அதன் மேல் படாமல் பாருங்கள், வெளுத்துவிடும். விரலில் பட்டால் தோல் வெள்ளையாகிச் சுரீரென்னும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் தோழி, "ப்ளீச் ஊத்தினா ஒரே நிமிஷத்துல போயிடும்ல?" என்று கேட்டாள். வெள்ளைத் துணி என்றதும் எல்லாருக்கும் குளோரின் ப்ளீச்தான் நினைவுக்கு வரும். ஆனால் புரதக் கறையில் அது பட்டால் மஞ்சளாக நின்றுவிடக்கூடும், பாலியஸ்டர் கலந்த துணியும் நாளடைவில் மஞ்சளிக்கும். வினிகரோடோ அமோனியாவோடோ கலந்தால் நச்சுவாயு வரும். மூடிய குளியலறையில் நடுராத்திரி அந்த வேலையே வேண்டாம்.

படி 4: இறுகிப்போன கறைக்கு என்சைம் பவுடர்

பத்தேமுக்கால் ஆனபோது அந்தப் பழுப்பு வட்டம் மட்டும்தான் பாக்கி. இதற்குத் தேவை என்சைம் உள்ள சலவைத்தூள். பாக்கெட்டின் பின்புறம் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் நொதி அதில் இருக்கிறது. முதலில் பெராக்சைடை நன்றாக அலசிவிடுங்கள், அது மிச்சமிருந்தால் இந்த நொதியைக் கெடுத்துவிடும். பிறகு கறைப் பகுதி மூழ்கும் அளவு தண்ணீரில் பாக்கெட்டில் சொன்ன அளவு தூளைக் கரைத்து ஊற வையுங்கள். தண்ணீர் குளிர்ச்சியாகவோ, கை வைத்தால் சூடே தெரியாத வெதுவெதுப்பாகவோ இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது, அந்த இழைகளே புரதம்தான்.

ஒரு மணி நேரம் ஊறியது. அவசரப்பட்டு நடுவில் எடுக்காதீர்கள், நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும். எடுத்தபோது பழுப்பு, வைக்கோல் நிறமாகியிருந்தது. மேலே இன்னொரு முறை பெராக்சைடு, பத்து நிமிடம், அலசல். நள்ளிரவு தாண்டியிருந்தது. அவள் அழுகை எப்போதோ நின்று, வாளி விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிவிழுந்துகொண்டிருந்தாள்.

படி 5: காய்வதற்கு முன் சோதனை

ஈரத் துணி மெல்லிய கறையை மறைத்துவிடும். ட்யூப்லைட் எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அப்படியும் நம்பாமல், அந்த இடத்தை மட்டும் உலர்ந்த துண்டுக்கு நடுவே வைத்து அழுத்தி, மின்விசிறிக்கு நேராகப் பத்து நிமிடம் பிடித்தோம். காய்ந்த பிறகும் வெள்ளையாக இருந்தால்தான் அடுத்த வேலை. மங்கலாக வளையம் தெரிந்தால் படி 4-க்குத் திரும்புங்கள். எங்களுக்கு வளையம் இல்லை. நான் அவளை எழுப்பிக் காட்டினேன்.

படி 6: உலர்த்தி இஸ்திரி போடுவது

உடையை விரித்த துண்டின் மேல் வைத்து, இரண்டையும் பாய் போலச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். பிழிவதைவிட அதிகத் தண்ணீர் துண்டுக்குள் போகும், சுருக்கமும் விழாது. பிறகு ஹேங்கரில் மாட்டி, தோளை இழுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டோம். காலை ஐந்து மணிக்கு லேசான ஈரம் இருந்தது. இஸ்திரிக்கு அதுதான் சரியான பதம். பருத்தி பாலியஸ்டர் கலப்பு என்பதால் நடுத்தரச் சூட்டில், உள்பக்கமாகத் திருப்பிப் போட்டோம்.

ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். மேடம் அவள் நகத்தைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், திரும்பி நிற்கச் சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"காலர் பட்டனைப் போடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார்.