ஓஎஸ் பாடத்துக்குக் குட்டி டிரேஸ் போதும்

ஷெட்யூலிங் நோட்ஸில் வரையறையை ஒரு வரியில் முடித்துவிட்டு, குழப்பம் வரும் இடத்தைக் காட்டும் மிகச்சிறிய கணக்கைச் சேருங்கள். ரவுண்ட் ராபினுக்கு இரண்டு பிராசஸே போதும். குவான்டம் 2. P1 நேரம் 0-இல் வருகிறது, அதற்கு 3 யூனிட் வேலை. P2 சரியாக நேரம் 2-இல் வருகிறது, அதற்கு 2 யூனிட்.

```
0-2 P1 | 2-4 P2 | 4-5 P1
```

நேரம் 2-இல் P1-இன் குவான்டமும் முடிகிறது, P2-வும் வருகிறது. புதிதாக வந்ததை வரிசையில் முதலில் வைத்தால்தான் இந்த விடை. காத்திருப்பு = முடிந்த நேரம் − வந்த நேரம் − வேலை நேரம்: P1-க்கு 2, P2-க்கு 0, சராசரி 1. P1-ஐ முதலில் வைத்தால் அது 3-இல் முடிந்துவிடும், சராசரி 0.5. விடை ஒத்துவராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எந்த விதி என்பதை டிரேஸுக்கு மேலேயே எழுதுங்கள்.

மெமரி பகுதியில் பேஜ் மாற்றத்துக்கு 3 ஃபிரேம், ஆறு எண்கள்:

```
1 2 3 1 4 1
```

4 வரும்போது ஃபிஃபோ 1-ஐ வெளியேற்றும், ஏனெனில் முதலில் நுழைந்தது அது. நடுவில் கிடைத்த ஹிட்டை அது கண்டுகொள்ளாது. எல்ஆர்யு 2-ஐ வெளியேற்றும். அதனால் கடைசி 1-க்கு ஃபிஃபோவில் மட்டும் ஃபால்ட்: மொத்தம் 5, எல்ஆர்யுவில் 4. நடுவில் உள்ள 1-ஐ எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே விடைதான் தரும். அப்படிப்பட்ட உதாரணத்தை எழுதிப் பயனில்லை.