குழந்தை துடிப்பு குறைந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்

நம் ஊரில் வயிற்றுக்குள் குழந்தை அசைவதையும் ‘துடிப்பு’ என்போம், அதன் இதயம் அடிப்பதையும் ‘துடிப்பு’ என்போம். முதல் குழப்பம் இங்கேதான். அசைவு குறைந்த நாளில் வீட்டு டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்து, “துடிப்பு கேக்குது, பிள்ளை நல்லாத்தான் இருக்கு” என்று படுத்துவிடுகிறார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஆக்சிஜன் குறையும்போது, இருப்பதை மிச்சம் பிடிக்கக் குழந்தை கை கால் ஆட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கும். போதாததற்கு, அந்தக் கருவியில் கேட்பது தாயின் ரத்த ஓட்டச் சத்தமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது தவறு, “மாசம் நெருங்கிடுச்சு, இடம் இல்ல, அதான் அசையல” என்ற சமாதானம். இதை மாமியார் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்கிறார்கள். சுமார் 32 வாரம் வரை அசைவு கூடிக்கொண்டே வரும், பிறகு அந்த அளவிலேயே நிற்கும். உதைப்பது போய் உருள்வதும் நெளிவதுமாக மாறலாம். ஆனால் வலி வரும் நாள்வரை குழந்தை அசைய வேண்டும்.

28 வாரத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில் எண்ணுவது நல்லது. பலருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வசதி. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து உதை, உருளல், நெளிவு எல்லாவற்றையும் எண்ணுங்கள். சீராக வரும் விக்கலைச் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் குறைந்தது 10 அசைவாவது இருக்க வேண்டும், அதுதான் கடைசி எல்லை. அதைவிட முக்கியம், உங்கள் குழந்தையின் வழக்கம்.

35 வாரத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தினமும் ஒன்பது மணிக்குப் படுத்தால் அரை மணிக்குள் பத்து எண்ணிவிடுவார். இன்று பத்து மணியாகியும் மூன்றுதான், அதுவும் மெதுவாக. குழந்தை தூங்குகிறதோ என்று தோன்றும். வயிற்றுக்குள் ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம்தான், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். வழக்கத்திலிருந்து இவ்வளவு விலகிய பிறகு, இன்னொரு மணி நேரம் எண்ணுவதால் என்ன தெரிந்துவிடப் போகிறது? அவர் உடனே கிளம்ப வேண்டும். அசைவே இல்லையென்றால் எண்ண உட்காரவும் வேண்டாம். ஜூஸ், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்ப்பது நேரத்தைத்தான் தின்னும். வண்டி இல்லாவிட்டால் 108.

போக வேண்டியது ஸ்கேன் சென்டருக்கு அல்ல, இரவிலும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கு. அங்கே வயிற்றில் பெல்ட் கட்டி, குறைந்தது 20 நிமிடம் இதயத் துடிப்பை வரைபடமாகப் பதிவார்கள். ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேனில் வளர்ச்சி, பனிக்குட நீர், ரத்த ஓட்டம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் எல்லாம் சரியாக இருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து மறுபடி குறைந்தால், “போன தடவை சும்மா பயந்துட்டோம்” என்று கூச்சப்பட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்பக் குறைவதை மருத்துவர்கள் முதல் தடவையைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். எத்தனையாவது தடவை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.